மழை மாதத்தில் கணக்கு வகுப்பு: கோத்தகிரிச் சரிவிலிருந்து ஒரு நேரலை

முதல் நாள் நேரலை சரியாக 55ஆம் நிமிடத்தில் நின்றது. பலகையில் பகுதித் தொகையிடல் கணக்கு ஒன்று பாதியில் இருந்தது, கையில் சாக்பீஸ், போனில் வரிசையாக மெசேஜ்: "மிஸ், சுத்திக்கிட்டே இருக்கு", "மிஸ், கட் ஆயிடுச்சு". வெளியே நல்ல மூடுபனி. டவர் பனியில் மறைந்துவிட்டது, அதனால்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு விட்டுவிட்டேன். அது தப்பான முடிவு. காரணம் என்னவென்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது. நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், மலையில் இருந்துகொண்டு வகுப்பை நேரலையில் கொடுக்க நினைக்கிற எல்லோருக்கும் இதே சுற்று காத்திருக்கிறது.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே எங்கள் வீடு. முன் அறையில் பிளஸ் டூ பிள்ளைகள் 14 பேருக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் சுற்றியுள்ள படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருகிறவர்கள், மற்றவர்கள் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடி மழை பெரிது என்றால் எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ பஸ் நின்றுவிடும், மாலை ஆறு மணிக்கே இருட்டிவிடும், பெண் பிள்ளைகளைத் தேயிலைக் காட்டுப் பாதையில் அனுப்ப எந்த வீட்டிலும் மனசு வராது. அதனால் அந்த மாதங்களில் மட்டும் வகுப்பை வீட்டிலிருந்தே யூடியூபில் நேரலையாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் வீடியோ காலில்தான் நடத்திப் பார்த்தோம். அதில் ஒரு பிள்ளையின் சிக்னல் ஐந்து நொடி போனால் அந்த ஐந்து நொடியில் நான் சொன்னது அவளுக்குப் போனதுதான், திரும்பக் கேட்க வழியில்லை. நேரலையில் பார்க்கிறவர் போனில் சில நொடிக்கான படம் முன்கூட்டியே சேர்ந்து நிற்கும், சின்னத் தடங்கலை அது தாங்கும், விட்டதைப் பின்னால் இழுத்தும் பார்க்கலாம். நான் பேசுவது அவர்களுக்கு 10, 15 நொடி தாமதமாகப் போய்ச் சேரும், அது ஒன்றுதான் இழப்பு. கணக்கு வகுப்புக்கு அந்த இழப்பைத் தாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

என்னிடம் இருந்தது பழைய லேப்டாப், ஒரு யூஎஸ்பி வெப்கேம், என் போனின் ஹாட்ஸ்பாட். நேரலையை அனுப்புகிற மென்பொருள் ஓபிஎஸ், இலவசம். யாரோ சொல்லியிருந்தபடி படத்துக்கு 2500 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 2500 கிலோபிட், ஒலிக்கு 160 என்று போட்டுக்கொண்டேன். (யூடியூபில் புதிதாக நேரலை தொடங்குகிறவர்கள் போன் நம்பரைச் சரிபார்த்துவிட்டு ஒரு நாள் பொறுக்க வேண்டும். அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். வகுப்பன்று காலையில் போய் இதைத் தொடங்காதீர்கள்.)

இரண்டாம் நாள் பனியே இல்லை. எதிர்மலையில் டவர் தெளிவாகத் தெரிந்தது, போனில் நான்கு கோடும் இருந்தது, ஆனாலும் 75ஆம் நிமிடத்தை ஒட்டி நேரலை நின்றுவிட்டது. கோத்தகிரி பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிற தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, உங்க பேக்ல ஒரு நாளைக்கு எவ்வளவு ஜிபி?"

1.5 ஜிபி. அங்கேயே கடைப் பலகையில் கணக்குப் போட்டோம். படம் 2500, ஒலி 160, இரண்டும் சேர்த்து நொடிக்கு 2660 கிலோபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 332 கிலோபைட், நிமிடத்துக்குச் சுமார் 20 எம்பி. 1500 எம்பியை 20ஆல் வகுத்தால் 75 நிமிடம், இரண்டாம் நாள் நின்ற இடம் அதுதான். முதல் நாள் வகுப்புக்கு முன்னால் எல்லாம் சரியாக வருகிறதா என்று 20 நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தேன், அதில் 400 எம்பி போய்விட்டது, மிச்சம் இருந்த 1100 எம்பிக்கு 55 நிமிடம். அன்றைய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது, அதில் குரலை அனுப்புவதே பாடு. சிக்னல் கோடு மட்டும் அப்படியே நாலும் நிற்கும். கம்பெனி அனுப்பிய எஸ்எம்எஸ் இரண்டு நாளும் போனிலேயே இருந்தது, நான் போனைச் சைலண்டில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தேன்.

சிக்னல் கெட்டதையும் டேட்டா தீர்ந்ததையும் பிரித்துப் பார்க்க ஓபிஎஸ்ஸில் Docks, அதில் Stats என்று ஒரு பலகை இருக்கிறது. அதில் Dropped Frames என்ற வரியையும் Bitrate எண்ணையும் பார்க்க வேண்டும். சிக்னல் ஆட்டம் என்றால் எண் 2500லிருந்து 900, திரும்ப 2300, 1400 என்று ஏறி இறங்கும், விடுபட்ட ஃபிரேம்கள் கொத்துக் கொத்தாகக் கூடும். டேட்டா தீர்ந்தது என்றால் எண் ஒரே அடியாக அடியில் போய் விழுந்து அங்கேயே கிடக்கும், எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இந்த வித்தியாசத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அதே பலகையில் encoding lag என்ற வரியின் எண் கூடிக்கொண்டே போனால் கோளாறு இணைப்பில் இல்லை, லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள். அப்போது 1080பியிலிருந்து 720பிக்கு இறங்க வேண்டும், நொடிக்கு 30 ஃபிரேமுக்கு மேல் வைக்கக்கூடாது.

சரி, 2500ஐ எவ்வளவுக்குக் குறைப்பது? இங்கேதான் வீட்டில் அப்லோடு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நாம் எல்லோரும் பார்த்துப் பழகியது டவுன்லோடு வேகம். நேரலை கொடுப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை, நமக்கு வேண்டியது மேலே போகிற வேகம், அதுவும் வகுப்பு நடக்கிற நேரத்தில் கிடைக்கிற வேகம். பகல் 11 மணிக்கு எங்கள் வீட்டில் அப்லோடு 9 எம்பிபிஎஸ் காட்டியது. மாலை ஆறரைக்கு, வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பி போனைக் கையில் எடுத்த பிறகு, அதே இடத்தில் 3. சமையலறைப் பக்கம் மலைச்சரிவு மறைக்கிறது, அங்கே 1கூட நிற்கவில்லை. பரணில், கிழக்குப் பார்த்த சின்ன ஜன்னலில் வைத்தால் மாலையிலும் 6, 7 வந்தது. எதிர்மலை டவருக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம்கூட இல்லை, அவ்வளவுதான் காரணம்.

ஆனால் 7 என்பது அந்தச் சோதனை ஓடுகிற சில நொடிகளின் சராசரி. 90 நிமிட வகுப்பில் நடுநடுவே வேகம் எவ்வளவு சரிகிறது என்பதை அது சொல்லாது. அதோடு ஒவ்வொரு சோதனையும் டேட்டாவைத் தின்கிறது. அதனால் யாருக்கும் லிங்க் கொடுக்காமல் Unlisted என்று போட்டு மாலை ஆறரைக்குக் கால் மணி நேரம் நேரலை ஓட்டி, பக்கத்தில் விண்டோஸின் Command Prompt என்ற கருப்பு ஜன்னலில் இதையும் ஓடவிட்டேன்:

```
ping -t 8.8.8.8
```

ஒவ்வொரு வரியிலும் time= என்று ஓர் எண் வரும், அனுப்பியது போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆனது என்பது அது. எங்கள் இடத்தில் சும்மா இருக்கும்போது அது 40, 50 என்று இருந்தது. 2500 கேபிபிஎஸ்ஸில் நேரலை ஓடும்போது சில நேரம் 60, திடீரென்று 400, 700, பிறகு Request timed out. நேரலையை நிறுத்தினால் மறுபடி 50. அதாவது டவர் நன்றாகத்தான் இருக்கிறது, அது அந்த நேரத்தில் ஏற்றுக்கொள்வதைவிட அதிகமாக நான் தள்ளுகிறேன், அனுப்பியது வரிசையில் தேங்குகிறது. 1500க்கு இறக்கினேன். எண் 50க்கும் 120க்கும் நடுவே நின்றது, timed out போய்விட்டது. அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: வகுப்பு நேரத்தில் கிடைத்த அப்லோடில் ஆகக் குறைந்த எண்ணை எடுத்து, அதில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது. எனக்குக் குறைந்தது 3 எம்பிபிஎஸ், பாதி 1500. பலகையில் எழுதுகிற வகுப்பில் படம் பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது, அசைவது என் கை மட்டும், அதனால் 720பிக்கு 1500 எனக்குப் போதுமாக இருந்தது. நடனமோ சமையலோ என்றால் இது போதாது. ஒலி 128 வைத்தேன். இப்போது நிமிடத்துக்கு 12 எம்பி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சுமார் 1.1 ஜிபி, அன்றைய அளவுக்குள் அடங்குகிறது.

அப்புறம் ஹாட்ஸ்பாட்டை விட்டேன். வகுப்பு நடுவே யாராவது போன் செய்தால் டேட்டா தடுமாறுகிறது, எங்கள் வீட்டுக் கருங்கல் சுவர் வைஃபையைப் பாதியாகக் குடித்துவிடுகிறது. மச்சினர் வீட்டில் சும்மா கிடந்த 4ஜி சிம் ரூட்டர் ஒன்றை வாங்கிப் பரண் ஜன்னலில் வைத்து, தனி சிம் போட்டு, 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்றைப் பரண் பலகை இடுக்கு வழியாகக் கீழே லேப்டாப்புக்கு இறக்கிவிட்டேன். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம். கேபிள் வந்த பிறகு ஏதாவது தடங்கல் என்றால் சந்தேகப்பட வேண்டியது ரூட்டரிலிருந்து டவர் வரை மட்டும்தான். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரூட்டர் அணைந்துவிடும், அதனால் ரூட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று. வாங்கும்போது ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள், எல்லா ரூட்டரும் 12 இல்லை.

படம் நிற்காமல் போகத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் ஒலியைப் பற்றிச் சொன்னார்கள். "மிஸ், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. மழை சத்தம்தான் பெருசா கேக்குது." முன் அறைக்கு மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் எதிரில் இருப்பவரிடமே உரக்கப் பேச வேண்டும். லேப்டாப் மைக்கோ என்னிடமிருந்து எட்டடி தள்ளி இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் குரலின் வலு கால் பங்காகிவிடும். கூரைச் சத்தமோ அறை முழுக்க ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் வழி, வேறு எந்த வித்தையும் இதற்கு ஈடு இல்லை.

சட்டைக் காலரில் மாட்டுகிற ஒயர் மைக் ஒன்று வாங்கி லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் செருகினேன். சத்தம் அப்படியே இருந்தது. மைக் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன், அந்தத் தம்பிதான் மைக்கின் முனையைக் காட்டினார். முனையில் கருப்பு வளையம் இரண்டுதான் இருந்தது. ஹெட்போனும் மைக்கும் ஒரே ஓட்டையில் இருக்கிற லேப்டாப்புக்கு மூன்று வளையம் உள்ள முனை வேண்டும். இரண்டு வளைய முனையைச் செருகினால் லேப்டாப் அதை மைக் என்றே எடுத்துக்கொள்ளாது, தன்னுடைய மைக்கிலேயே பேசாமல் தொடரும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓபிஎஸ்ஸில் Mic/Aux என்ற பட்டையைப் பார்த்துக்கொண்டே காலர் மைக்கை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பட்டை துள்ள வேண்டும். அது சும்மா இருந்து, லேப்டாப் விளிம்பைத் தட்டினால் துள்ளுகிறது என்றால் நீங்கள் இன்னும் லேப்டாப் மைக்கில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மைக்குக்கென்று தனி ஓட்டை உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகி, ஓபிஎஸ்ஸில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது.

மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், முந்தானை உரசாத பக்கம் மாட்டுகிறேன். சாதாரணமாகப் பேசும்போது பட்டை மஞ்சளுக்குள் வந்து போக வேண்டும், பச்சையிலேயே கிடந்தால் குரல் சின்னது, சிவப்பின் கடைசி முனையில் முட்டினால் கரகரக்கும். மழைச் சத்தத்துக்கு Filters என்பதில் Noise Suppression இருக்கிறது, அதில் RNNoise என்ற வகை தூறலுக்கும் நடுத்தர மழைக்கும் நன்றாக வேலை செய்கிறது. அடைமழையில் அதைப் போட்டால் சொற்களின் ஓரத்தையும் சேர்த்து அரித்துவிடும், "எக்ஸ் ஸ்கொயர்" என்று நான் சொன்னது பிள்ளைகளுக்கு "எக்ஸ்... யர்" என்று போனது. கணக்கு வகுப்பில் அது ஆபத்து. அடைமழை அன்றைக்கு அதை அணைத்துவிட்டு, மழைச் சத்தத்தோடேயே, ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்த பிறகு ஒரு தடவை வாசித்துச் சொல்கிறேன்.

கேமராவுக்குப் பெரிய செலவு செய்ய வேண்டியதில்லை, அதன் தானியங்கி வேலைகளை நிறுத்தினால் போதும். எங்கள் ஊரில் பனி வந்து போகும்போது ஜன்னல் வெளிச்சம் நிமிடத்துக்கு ஒரு முறை மாறுகிறது, கேமரா ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிசெய்துகொண்டு பலகையை வெளுப்பாக்கி இருட்டாக்கி விளையாடும். ஓபிஎஸ்ஸில் Configure Video என்பதில் Exposure, Focus இரண்டிலும் Auto டிக்கை எடுத்துவிட்டு, டியூப் லைட்டைப் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுவேன். டியூப் லைட்டில் படத்தின் மேல் கருப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்தால் அதே இடத்தில் PowerLine Frequency என்பதை 50 Hz என்று மாற்றுங்கள், நம் ஊர் கரண்டின் கணக்கு அதுதான்.

இதைவிட முக்கியமானது, பிள்ளைகள் உண்மையில் என்ன பார்க்கிறார்கள் என்பது. நான் 720பி அனுப்புகிறேன், ஆனால் லைன் வீட்டில் இருக்கிற பிள்ளையின் சிக்னலுக்கு யூடியூப் 240பிதான் கொடுக்கிறது. அதாவது அகலத்தில் 426 புள்ளி. என் பலகை எட்டடி, 96 அங்குலம். முழுப் பலகையையும் காட்டினால் ஓர் அங்குலத்துக்கு நாலரைப் புள்ளி, ஒன்றரை அங்குல எழுத்து ஏழு புள்ளிக்குள் அடங்க வேண்டும், அதில் அடுக்குக் குறி வெறும் பொட்டாகத் தெரியும். ஒரு பிள்ளை 3-இன் அடுக்கை 2 என்று படித்துக் கணக்கு முழுவதையும் தப்பாகப் போட்டு அனுப்பியபோதுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது கேமராவை நெருக்கி வைத்து நாலடி மட்டும் காட்டுகிறேன், எழுத்து மூன்று அங்குலம். அதே 240பியில் எழுத்துக்கு 26 புள்ளி கிடைக்கிறது. பலகையின் மற்ற பாதி படத்தில் வராது, அதனால் நாலடிக்குள் ஆறு வரி எழுதி, பிள்ளைகள் எழுதிக்கொள்ள அவகாசம் கொடுத்து அழிக்கிறேன். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் என் போனில் 240பி என்று வைத்து இரண்டு நிமிடம் நானே பார்த்துவிடுவேன். நாம் லேப்டாப்பில் பார்ப்பது அனுப்புகிற படம், அவர்களுக்குப் போய்ச் சேர்கிற படம் வேறு.

கேள்வி கேட்டால் பதில் வர அந்த 15 நொடி போகும். முதலில் அந்த மௌனம் கஷ்டமாக இருந்தது. இப்போது கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்கின் படத்தை வரையத் தொடங்கிவிடுவேன், வரைந்து முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் பதில் வந்திருக்கும். தாமதத்தைக் குறைக்க யூடியூபில் Ultra low-latency என்று ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். தாமதம் குறைய வேண்டுமென்றால் பார்க்கிறவர் போனில் சேர்ந்து நிற்கிற படமும் குறையத்தான் வேண்டும், சிக்னல் கம்மியான பிள்ளைகளுக்கு உடனே சுற்ற ஆரம்பித்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு நாள் வகுப்பு நடுவே கரண்டும் போய், நாலு நிமிடம் டவரும் போனது. யூடியூபில் Enable Auto-stop என்பதை முன்பே அணைத்து வைத்திருந்தேன். அது அணைந்திருந்தால் நம் பக்கம் அறுந்தாலும் யூடியூப் நேரலையை முடித்துவிடாமல் காத்திருக்கும், ஓபிஎஸ் தானே மறுபடி மறுபடி முயன்று அதே லிங்க்கில் சேர்ந்துகொள்ளும், பிள்ளைகள் புது லிங்க் தேட வேண்டியதில்லை. ஓபிஎஸ்ஸில் Start Recording பட்டனையும் அழுத்தி வைத்திருந்ததால் அந்த நாலு நிமிடமும் லேப்டாப்பில் பதிவாகிக்கொண்டேதான் இருந்தது. எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் கணக்கை நிறுத்தாமல் போட்டேன். டவர் வந்ததும் முதலில் வந்த மெசேஜ், "மிஸ், நடுவுல மூணு ஸ்டெப் காணோம்." மறுநாள் காலையில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி குரூப்பில் போட்டேன்.